ஊசி போட்ட பிறகு ஏதாவது நடந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவ அலுவலராக இருந்தேன். பிறகு சில வருடங்கள் மாவட்ட விசாரணைக் குழுவோடு ஊர் ஊராகப் போனேன். இப்போது செவிலியர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். தாய்மார்கள், கிராம சுகாதார செவிலியர்கள், நிருபர்கள், ஒரு பஞ்சாயத்துத் தலைவர் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

ஊசி போட்ட அன்னைக்கு ராத்திரியே பாப்பாவுக்குக் காய்ச்சல். இதுவும் "பாதிப்பு"ன்னு கணக்குல எழுதுவீங்களா?

எழுதுவோம். "தடுப்பூசிக்குப் பின் நேர்ந்த பாதகமான நிகழ்வு" என்பது நாங்கள் வைத்திருக்கும் நீளமான பெயர். ஆஸ்பத்திரியில் சுருக்கமாக ஏ.இ.எஃப்.ஐ. என்பார்கள். அந்தப் பெயரில் "பின்" என்ற சொல்தான் முக்கியம். ஊசிக்குப் பிறகு வந்தது என்று மட்டும்தான் அது சொல்கிறது, ஊசியால் வந்தது என்று சொல்லவில்லை. காரணம் தெரிந்த பிறகுதான் பதிவு செய்வோம் என்று காத்திருந்தால் எதுவுமே பதிவாகாது.

கடுமையைப் பொறுத்து மூன்றாகப் பிரிப்போம். காய்ச்சல், போட்ட இடத்தில் வீக்கம், சிணுங்கல் எல்லாம் லேசானவை. நாற்பது டிகிரியைத் தொடும் காய்ச்சல், மூன்று மணி நேரத்துக்கு மேல் அடங்காத அழுகை போன்றவை கடுமையானவை, ஆனாலும் உயிருக்கு ஆபத்தில்லாதவை. மரணம், ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய நிலை, நிரந்தர ஊனம், ஒரே இடத்தில் பலருக்கு ஒன்றாக வருவது ஆகியவை தீவிரமானவை. உங்கள் பாப்பாவின் காய்ச்சல் முதல் வகை. பதிவேட்டில் ஒரு வரியோடு முடிந்துவிடும்.

காலையில ஊசி, ராத்திரி குழந்தை போயிடுச்சு. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?

பெற்றவர் இப்படிக் கேட்கும்போது நான் கணக்குச் சொல்வதில்லை. நிருபரோ அதிகாரியோ கேட்டால் சொல்வேன். ஒரு மாநிலத்தில் வருடத்துக்கு 9 லட்சம் குழந்தைகள் பிறப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் மாதத்தைத் தாண்டி, ஒரு வயதுக்குள் ஆயிரத்துக்கு 4 பேர் ஏதோ ஒரு நோயால் இறப்பதாகவும் வைத்துக்கொள்வோம். மொத்தம் 3,600 மரணங்கள், ஏறத்தாழ 335 நாட்களில் பரவி நடக்கின்றன. அந்த வயதுக்குள் ஒவ்வொரு குழந்தைக்கும் ஊசி நாள் நான்கு: 6, 10, 14-ஆம் வாரங்கள், பிறகு ஒன்பதாம் மாதம். ஊசியில் வெறும் தண்ணீர் இருந்திருந்தாலும், ஊசி போட்ட 24 மணி நேரத்துக்குள் 40 மரணங்களுக்கு மேல் விழும் என்று இந்தக் கணக்கு சொல்கிறது.

இதில் ஓர் ஓட்டையும் இருக்கிறது. உடம்பு சரியில்லாத குழந்தையை அன்று யாரும் ஊசிக்குத் தூக்கி வரமாட்டார்கள், அதனால் உண்மையான எண்ணிக்கை இதைவிடக் குறையலாம். எப்படியானாலும் இந்தக் கணக்கு ஒரு குறிப்பிட்ட குழந்தையைப் பற்றி எதையும் சொல்லாது. நாற்பதில் ஒன்று உண்மையிலேயே ஊசி அறையில் நடந்த தவறாக இருக்கலாம். அது எது என்று கண்டுபிடிக்கத்தான் விசாரணை.

காரணம்னு வந்தா என்னென்ன காரணம் இருக்க முடியும்?

உலக சுகாதார நிறுவனத்தின் பகுப்பில் ஐந்து. முதலாவது, மருந்தின் இயல்பாலேயே வருவது. எல்லாம் சரியாகச் செய்தும் சிலருக்கு வரும், தட்டம்மை ஊசிக்குப் பின் வரும் காய்ச்சல் வலிப்பு போல. இரண்டாவது, தயாரிப்பில் கோளாறு. 1955-இல் அமெரிக்காவில் கட்டர் நிறுவனத்தின் போலியோ ஊசியில் சாகாத வைரஸ் தங்கிப் பலர் கைகால் முடங்கினார்களே, அந்த மாதிரி. மூன்றாவது, கலக்குவதில், வைப்பதில், போடுவதில் நேரும் மனிதத் தவறு. நான்காவது, ஊசி பயத்தால் உடம்பு காட்டும் எதிர்வினை. ஐந்தாவது தற்செயல்: ஊசி போடாமல் இருந்திருந்தாலும் நடந்திருக்கும்.

பொதுமக்கள் முதல் இரண்டைப் பற்றித்தான் பயப்படுகிறார்கள். அதிகாரிகளுக்கு ஐந்தாவது பிடிக்கும். விசாரணைக்குப் போகிறவன் கண் மூன்றாவதில் இருக்க வேண்டும் என்பேன். அது ஒன்றுதான் நாளைக் காலை அடுத்த குழந்தைக்கு நடக்காமல் உடனே தடுக்கக்கூடியது.

எத்தனை நாளுக்குள்ள வந்தா ஊசிதான்னு சொல்லலாம்?

ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கடிகாரம். அனஃபிலாக்சிஸ் என்ற கடும் ஒவ்வாமை பெரும்பாலும் நிமிடங்களில் வரும். அரை மணி நேரம் உட்கார வைப்பது அதற்காகத்தான். தட்டம்மை ஊசியில் இருப்பது உயிருள்ள, வலு குறைக்கப்பட்ட வைரஸ். அது உடம்பில் பெருகச் சில நாளாகும் என்பதால், அதனால் வரும் காய்ச்சலும் வலிப்பும் ஏறத்தாழ 7 முதல் 12 நாளில் வரும். அன்று மாலையே வலிப்பு வந்தால் காரணத்தை வேறு எங்கோ தேட வேண்டும்.

தூளாக வரும் ஊசி மருந்தைத் தண்ணீரில் கலக்கிய குப்பியில் கிருமி புகுந்திருந்தால் சில மணி நேரத்திலிருந்து ஒன்றிரண்டு நாளுக்குள் அதிகக் காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, பிறகு ரத்த அழுத்தம் சரிவது என்று வரிசையாக வரும். தட்டம்மை ஊசியில் கிருமிகொல்லிப் பாதுகாப்புப் பொருள் கிடையாது. கலக்கிய குப்பியை நம் நாட்டில் 4 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்று சொல்வது அதனால்தான். ஊசி போட்டு ஐந்து நிமிடத்தில் குழந்தை துவண்டு, மூச்சு நின்றால்? அது ஒவ்வாமையாக இருக்கலாம், வேறொரு பயங்கரமாகவும் இருக்கலாம். அதைக் கீழே சமோவா கதையில் பாருங்கள்.

நான் ரிப்போர்ட் போட்டா முதல்ல என்னைத்தான் சஸ்பெண்ட் பண்ணுவாங்க. லேசா இருந்தா விட்டுடலாமா சார்?

ஒரு செவிலியர் வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டது. அவருடைய பயம் நியாயமானது. தண்டனைக்காக அல்ல, கண்டுபிடிப்பதற்காகத்தான் விசாரணை என்று வழிகாட்டி சொல்கிறது. நடைமுறையில் விசாரணைக் குழு வருவதற்கு முன்பே இடமாற்ற உத்தரவு வந்துவிடுவதை நானே பார்த்திருக்கிறேன். அப்படி ஒருமுறை நடந்தால் அடுத்த மூன்று வருடத்துக்கு அந்த வட்டாரத்திலிருந்து ஒரு ரிப்போர்ட்டும் வராது. ஒன்றுமே வராத வட்டாரத்தில் ஒன்றுமே நடக்கவில்லை என்று நான் நம்ப மாட்டேன்.

தீவிரமானதையும் கடுமையானதையும் தெரிந்த உடனே மருத்துவ அலுவலருக்குச் சொல்லிவிடுங்கள். அவர் 24 மணி நேரத்துக்குள் மாவட்டத் தடுப்பூசி அலுவலருக்கு அனுப்ப வேண்டும். உங்கள் பாதுகாப்புக்கும் அதுவே நல்லது. முதலில் சொன்னவர் சாட்சி ஆவார். வாட்ஸ்அப் வழியாக வெளியே வந்த பிறகு மாட்டுகிறவர்தான் குற்றவாளி போல நடத்தப்படுகிறார்.

சாவுன்னு போன் வந்துடுச்சு. முதல் ஒரு மணி நேரத்துல என்ன பண்ணணும்?

குப்பையை யாரும் கொட்டக்கூடாது. விளையாட்டாகச் சொல்லவில்லை. அன்று பயன்படுத்திய தடுப்பூசிக் குப்பி, அதைக் கலக்கப் பயன்பட்ட டைலுவன்ட் என்ற திரவத்தின் குப்பி, சிரிஞ்ச், வெட்டிய ஊசி முனைப் பெட்டி எல்லாமே அந்தக் குப்பையில்தான் இருக்கும். பதற்றத்தில் முதலில் "சுத்தம்" செய்யப்படுவதும் அதுதான். தடுப்பூசிக் குப்பியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்துச் சீல் போடுங்கள். ஃபிரிட்ஜின் வெப்பநிலைப் பதிவேடு, இருப்புப் பதிவேடு, அன்று ஊசி போட்டுக்கொண்டவர் பட்டியல் மூன்றையும் அப்படியே எடுத்து வையுங்கள். பிறகு அதில் ஒரு எழுத்தும் சேர்க்கக்கூடாது. பின்னால் நிரப்பிய பதிவேடு பார்த்தவுடன் தெரியும்: ஒரு மாதத்து வெப்பநிலையும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், எல்லா நாளும் 4 டிகிரி.

அதே வேளையில் இன்னொருவர், அன்று அதே குப்பியில் போட்டுக்கொண்ட மற்ற குழந்தைகளின் வீட்டுக்குப் போக வேண்டும். குப்பி ஐந்து டோஸ் என்றால் இன்னும் நான்கு குழந்தைகள் வரை இருப்பார்கள். அவர்கள் நலமா என்று பார்ப்பது முதலில் சிகிச்சைக்காக. ஆனால் விசாரணையில் மிகப் பெரிய தடயமும் அதுவே.

விசாரணைன்னு சொல்றீங்களே, போய் உண்மையில என்னத்தைப் பாப்பீங்க?

குழந்தை வீட்டில் தொடங்குவோம். என்ன சாப்பிட்டது, எப்போது தூங்கியது, எப்படிப் படுத்திருந்தது, ஒரு வாரம் முன்பு சளி இருந்ததா, முந்தைய குழந்தைகளில் இறப்பு உண்டா. தாயிடம் கேட்பதற்கு முன் துக்கம் விசாரிக்க வேண்டும், பேனாவை எடுப்பது பிறகு. அடுத்தது ஊசி போட்ட இடம். செவிலியரை "என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் புத்தகத்தில் உள்ளதை ஒப்பிப்பார். அதனால் காலிக் குப்பியைக் கையில் கொடுத்து, அன்று செய்த மாதிரியே ஒருமுறை செய்து காட்டச் சொல்வோம். கை பொய் சொல்லாது. குப்பியின் பெயரைப் படிக்கிறாரா, பழக்கத்தில் கையை விட்டு எடுக்கிறாரா என்பது அப்போது தெரியும்.

பிறகு ஃபிரிட்ஜ். ஒரு நிலையத்தில் ஐ.எல்.ஆர். என்கிற தடுப்பூசி ஃபிரிட்ஜின் மூடியைத் திறந்தபோது கூடைக்கு அடியில் ஒரு தயிர் டப்பா இருந்தது. எல்லோரும் அதைப் பார்த்துத்தான் முகம் சுளித்தார்கள். என் கண்ணில் பட்டது அதன் பக்கத்தில் கிடந்த இரண்டு சின்னக் கண்ணாடிக் குப்பிகள். மேலே ஆபரேஷன் தியேட்டரிலிருந்து "கரண்ட் இல்லை, கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள்" என்று யாரோ கொடுத்துவிட்டுப் போன மருந்து. அந்த இடத்தில் எந்தக் குழந்தைக்கும் ஒன்றும் ஆகவில்லை. எனக்கு மட்டும் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

சமோவா, சமோவான்னு வகுப்புல சொல்றீங்களே, அங்க என்னதான் நடந்துச்சு?

சமோவா பசிபிக் கடலில் ஒரு தீவு நாடு, மக்கள் தொகை சுமார் 2 லட்சம். 2018 ஜூலை 6 அன்று சவாயி தீவில் ஒரு மருத்துவமனையில் ஒரு வயதுக் குழந்தைக்கு எம்.எம்.ஆர். ஊசி போட்டார்கள், தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றையும் தடுப்பது. சில நிமிடங்களில் இறந்தது. அன்றே, அதே இடத்தில், இரண்டாவது குழந்தைக்கும் போட்டார்கள். அதுவும் இறந்தது.

இதை விசாரணைக்காரன் கண்ணால் பாருங்கள். ஒரே நாள், ஒரே இடம், ஒரே மாதிரிச் சாவு. தயாரிப்புக் கோளாறு என்றால் அதே தொகுதி, அதாவது அதே பேட்ச் மருந்து போன மற்ற ஊர்களிலும் ஏதாவது தெரிய வேண்டும். பத்து லட்சம் டோஸுக்கு ஒன்று என்ற அளவில் வரும் கடும் ஒவ்வாமை ஒரே அறையில் ஒரே நாளில் இரண்டு முறை வருவது நம்ப முடியாதது. தற்செயலான நோய் இரண்டு குழந்தைகளை ஊசி போட்ட சில நிமிடக் கணக்கில் கொல்வது அதைவிட நம்ப முடியாதது. மிஞ்சுவது அந்த அறையில் நடந்த தவறு. அதுதான் நடந்திருந்தது. எம்.எம்.ஆர். தூளைத் தண்ணீரில் கலக்குவதற்குப் பதிலாக, காலாவதியான அட்ராகூரியத்தில் கலக்கியிருந்தார்கள்.

அட்ராகூரியம் என்பது அறுவை சிகிச்சையில் தசைகளைத் தளர்த்தும் மருந்து. மூச்சுத் தசையையும் நிறுத்திவிடும். தியேட்டரில் செயற்கைச் சுவாசம் இருக்கும், ஊசி அறையில் இருக்காது. இந்த மருந்தையும் குளிரில்தான் வைக்க வேண்டும், அதனால் தடுப்பூசி ஃபிரிட்ஜுக்குள் வந்து சேர அதற்கு ஒரு காரணம் எப்போதும் இருக்கிறது. 2014 செப்டம்பரில் சிரியாவின் இத்லிப் பகுதியில் இதே அட்ராகூரியம் தட்டம்மை ஊசியில் கலந்து 15 குழந்தைகள் இறந்தார்கள். உலகம் அதைப் படித்து நான்கு வருடம்கூட ஆகாத நிலையில் சமோவாவில் மறுபடியும் நடந்தது.

அங்க ஊசியில குத்தமில்லன்னு தெரிஞ்சப்புறமும் அடுத்த வருஷம் தட்டம்மையில ஏன் அவ்வளவு பேர் செத்தாங்க?

ஊசித் திட்டத்தை நாடு முழுதும் நிறுத்தினார்கள், மாதக்கணக்கில். செவிலியர் இருவருக்கும் தலா ஐந்து வருடம் சிறை என்று 2019 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. மரணத்துக்கும் தீர்ப்புக்கும் நடுவே பதின்மூன்று மாதம். அந்த இடைவெளியில் ஒரு தாயின் காதில் விழுந்தது "அந்த ஊசியால் இரண்டு குழந்தை போயிற்று, அரசாங்கமே நிறுத்திவிட்டது" என்பதுதான். கலக்கியது தப்பான குப்பி என்ற செய்தி அதே சத்தத்தில் அவளிடம் போய்ச் சேரவில்லை. 2018-இல் தட்டம்மை முதல் டோஸ் பெற்ற குழந்தைகள் 31 சதவீதமாகச் சரிந்ததாக உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் மதிப்பிட்டன.

2019 அக்டோபரில் தட்டம்மை பரவத் தொடங்கியது. 5,700-க்கு மேற்பட்டோருக்கு வந்தது, 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள். டிசம்பரில் இரண்டு நாள் நாட்டையே மூடி, வீடு வீடாகப் போய் ஊசி போட்டார்கள். ஊசி போடாதவர் இருக்கும் வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டச் சொன்னார்கள். ஒரு தவறு இரண்டு குழந்தைகளைக் கொன்றது. அதை உடனே விளக்காமல் விட்டதன் கணக்கு தனி.

நம்ம ஊர்லயும் இப்படி நடந்திருக்கா?

2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட பின் நான்கு குழந்தைகள் இறந்தது பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். அதன் பிறகு தமிழ்நாட்டில் கிராமங்களுக்குப் போய் ஊசி போடுவதை நிறுத்தி, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போடுவது என்று மாற்றினார்கள். ஆபத்து நேர்ந்தால் கவனிக்க மருத்துவர் பக்கத்தில் இருப்பார் என்பது அதன் நியாயம். கூலி வேலையை விட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாற வேண்டிய தாய்க்கு அது என்ன செலவு என்பது அதன் மறுபக்கம். இப்படிப்பட்ட முடிவுகளில் இலவசமானது எதுவும் இல்லை.

போஸ்ட்மார்ட்டம் பண்ணியே ஆகணுமா? பிஞ்சு உடம்பைக் கிழிக்கணுமா?

திடீர் மரணத்தில் அது இல்லாமல் காரணம் தெரிவது மிகவும் கடினம். எந்தப் பெற்றோரையும் மிரட்டிச் சம்மதிக்க வைக்கக்கூடாது, ஆனால் எதற்காக என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். மறுத்துவிட்டால் வீட்டாரிடமும் சிகிச்சை கொடுத்தவர்களிடமும் வரிசையாகக் கேள்வி கேட்டுக் காரணத்தைத் தேடும் வாய்மொழிப் பரிசோதனை இருக்கிறது. அது இரண்டாம் தரம்தான்.

பிரேதப் பரிசோதனை எவ்வளவு தூரம் உதவும் என்பதற்கு ஓர் உதாரணம். 2009 செப்டம்பரில் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் பள்ளியில் கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசி போட்டுக்கொண்ட 14 வயதுச் சிறுமி சில மணி நேரத்தில் இறந்தாள். நாடே அதிர்ந்தது. அந்தத் தொகுதி மருந்தை முன்னெச்சரிக்கையாகத் தனியே எடுத்து வைத்தார்கள். சில நாட்களுக்குள் பிரேதப் பரிசோதனை முடிவு வந்தது. நெஞ்சுக்குள் இதயத்தையும் நுரையீரலையும் பாதித்திருந்த புற்றுக்கட்டி, அதுவரை யாருக்கும் தெரியாமல் இருந்திருக்கிறது. அதையும் உடனே வெளியே சொன்னார்கள். திட்டம் தொடர்ந்தது. பிரேதப் பரிசோதனை இல்லாமலிருந்தால் அந்தச் சாவு இன்றுவரை ஊசியின் கணக்கில்தான் இருக்கும்.

மருந்தை லேபுக்கு அனுப்பிட்டா தெரிஞ்சிடப் போகுது. அதுக்கு ஏன் இத்தனை விசாரணை?

லேப் நாம் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். "தடுப்பூசித் தொகுதி தரமானதா?" என்று திறக்காத குப்பியைக் கசௌலியில் உள்ள மத்திய மருந்து ஆய்வகத்துக்கு அனுப்பினால், "தரமானது" என்று வரும். சமோவா மாதிரி நடந்திருந்தாலும் அப்படித்தான் வரும், ஏனென்றால் தவறு குப்பிக்குள் நடக்கவில்லை, கலக்கும் மேசையில் நடந்தது. ஆகவே முதலில் ஊகம், பிறகு அதற்குத் தக்க மாதிரி. தசைத்தளர்ப்பி என்று சந்தேகப்பட்டால் டைலுவன்ட் குப்பியும் சிரிஞ்சில் மிஞ்சியதும் வேண்டும். கிருமி என்று சந்தேகப்பட்டால் திறந்த குப்பியில் கிருமி வளர்ப்பு வேண்டும். முதல் மணி நேரத்தில் குப்பையைக் காப்பாற்றச் சொன்னது இதற்காகத்தான்.

கடைசியில "பி1"-ன்னு ஒரு எழுத்தும் நம்பரும் போட்டு அனுப்புறாங்க. அது மழுப்பல்தானே?

காரண ஆய்வுக் குழு பார்க்கும் கேள்விகள் சில. நோய் இன்னது என்று உறுதியானதா? வேறு காரணம் இருக்கிறதா? இந்த ஊசிக்கு இந்த விளைவு என்று ஏற்கெனவே ஆதாரம் உண்டா? நேரம் பொருந்துகிறதா? அதன் பிறகு தொடர்புண்டு என்றால் "ஏ". மேலே சொன்ன முதல் நான்கு காரணங்களும் ஏ1 முதல் ஏ4 வரை அதற்குள் வரும். சமோவா ஏ3. தொடர்பில்லை என்றால் "சி", கவென்ட்ரி அது. தகவல் போதாமல் போனால் வகைப்படுத்த முடியாதது.

"பி" இரண்டு வகை. பி1 என்றால், நேரம் பொருந்துகிறது, ஆனால் இந்த ஊசி இதைச் செய்யும் என்பதற்கு இதுவரை உலகில் போதிய ஆதாரம் இல்லை. பி2 என்றால் சான்றுகள் இரு பக்கமும் இழுக்கின்றன. பி1 மழுப்பல் இல்லை, அடுத்த கேஸுக்காகக் காத்திருக்கும் கோப்பு. 1998-இல் அமெரிக்காவில் வந்த ரோட்டாஷீல்டு என்ற ரோட்டாவைரஸ் சொட்டு மருந்துக்குப் பின் குடல் செருகிக்கொண்ட குழந்தைகளின் பதிவுகள் அப்படித்தான் தனித்தனியாக வந்தன. பதினைந்து சேர்ந்ததும் போடுவதை நிறுத்தி ஆராய்ந்தார்கள். தொடர்பு உறுதியாகி 1999-லேயே சந்தையை விட்டுப் போயிற்று. மழுப்பல் என்று நான் சொல்வது, விசாரணையை அரைகுறையாகச் செய்துவிட்டு "சி" போடுவதை. "வகைப்படுத்த முடியாதது" என்று போட்டால் நம் சோம்பேறித்தனம் வெளியே தெரியும், "சி" போட்டால் தெரியாது. கோப்பைப் படிக்கும்போது நான் முதலில் பார்ப்பது, "சி" என்று போட்ட இடத்தில் மாற்றுக் காரணத்தின் பெயர் எழுதியிருக்கிறதா என்பதைத்தான்.

ஸ்கூல்ல ஒரு பொண்ணு மயங்கினா, வரிசையா பத்து பேர் விழறாங்க. மருந்து கெட்டுப்போச்சா?

பெரும்பாலும் பயம். நடிப்பு இல்லை, உடம்பு உண்மையாகவே விழுகிறது. பிரித்தறிவது எளிது. பயத்தில் மயங்கியவருக்கு முகம் வெளுத்து, உடம்பு சில்லிட்டு, நாடி மெதுவாக ஓடும். படுக்க வைத்துக் காலைத் தூக்கினால் சில நிமிடத்தில் எழுந்துவிடுவார். அனஃபிலாக்சிஸில் நாடி வேகமாக ஓடும், தோலில் தடிப்பு, மூச்சில் இழுப்பு, படுக்க வைத்தாலும் தேறாது. அதற்குத் தாமதிக்காமல் தொடையில் அட்ரினலின். சந்தேகமாக இருந்தாலும் அட்ரினலின்தான்.

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை, ரூபெல்லாவுக்கான எம்.ஆர். ஊசி முகாம் தொடங்கியபோது வாட்ஸ்அப் வதந்தியால் பல பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. முகாமின் கெடுவை மார்ச்சுக்கு நீட்டினார்கள். அப்படிப்பட்ட சமயத்தில் "சும்மா பயந்துட்டா" என்று சிரித்துக்கொண்டே பேட்டி கொடுக்காதீர்கள். விழுந்தவள் வீட்டில் அது அவமானமாகவே கேட்கும்.

ரிசல்ட் எதுவும் வரலை. நிருபருங்க வாசல்ல நிக்கிறாங்க. என்ன சொல்றது?

வாயை மூடினால் பக்கத்து டீக்கடைக்காரர் பேட்டி கொடுப்பார். தெரிந்தது, தெரியாதது, செய்துகொண்டிருப்பது, அடுத்து எப்போது பேசுவோம், இந்த நான்கும் போதும். நான் எழுதிக் கொடுப்பது ஏறத்தாழ இப்படி இருக்கும்: "இன்று காலை ஊசி போட்டுக்கொண்ட ஒரு குழந்தை மாலையில் இறந்துவிட்டது. அந்தக் குடும்பத்துக்கு எங்கள் ஆழ்ந்த வருத்தம். காரணம் இன்னும் தெரியவில்லை. அதே குப்பியில் போட்டுக்கொண்ட நான்கு குழந்தைகளையும் மருத்துவர் பார்த்துவிட்டார், நலமாக இருக்கிறார்கள். அந்தத் தொகுதி மருந்தை இந்த மாவட்டத்தில் தனியே எடுத்து வைத்திருக்கிறோம். நாளை மாலை ஐந்து மணிக்கு மறுபடி சந்திக்கிறோம்." மறுநாள் சொல்லப் புதிதாக எதுவும் இல்லாவிட்டாலும் ஐந்து மணிக்கு வந்து நில்லுங்கள்.

பிரேதப் பரிசோதனைக்கு முன்பே "இது தற்செயல், ஊசி நூறு சதவீதம் பாதுகாப்பானது" என்று சொல்லிவிடாதீர்கள். நாளை வேறு முடிவு வந்தால் அதற்கப்புறம் நீங்கள் சொல்லும் உண்மையையும் யாரும் கேட்க மாட்டார்கள். குழந்தையின் பெயர், செவிலியர் பெயர் இரண்டும் வெளியே போகக்கூடாது.

தொகுதியைத் தனியா வைக்கிறோம்னாலே தப்பு இருக்குன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா?

ஆகும், ஏன் என்று சொல்லாவிட்டால். "சந்தேகம் தீரும்வரை இந்தத் தொகுதியை மட்டும் பயன்படுத்த மாட்டோம், மற்ற தொகுதிகளைக் கொண்டு இன்றும் ஊசி நடக்கிறது" என்று ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். கவென்ட்ரியில் செய்தது ஏறத்தாழ இதுதான். சமோவாவில் மொத்தத்தையும் நிறுத்தினார்கள். நிறுத்துவது ஒரு கையெழுத்தில் முடியும், மறுபடி தொடங்க எந்தச் சான்று வந்தால் போதும் என்று அந்த உத்தரவிலேயே எழுதாவிட்டால் தொடங்கும் தேதியே வராது.

தப்பு நம்ம ஆளு மேலன்னு தெரிஞ்சா, அதையும் வெளிய சொல்லிடணுமா?

சொல்லிவிட வேண்டும், முதலில் பெற்றோரிடம். அவர்கள் டி.வி.யில் பார்த்துத் தெரிந்துகொள்வதைவிடக் கேவலம் இல்லை. மாவட்ட அளவில் ஒரு மூத்த மருத்துவர் நேரில் வீட்டுக்குப் போய், தமிழில், எழுத்தும் எண்ணும் இல்லாமல் சொல்ல வேண்டும். நான் போன ஒரு வீட்டில் அப்பா ஒன்றும் பேசாமல் கேட்டார். கடைசியில், "அந்த மருந்து இனி அந்தப் பெட்டியில இருக்காதுல்ல?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இருந்தது, ஏனென்றால் காலையிலேயே மாவட்டத்தில் எல்லா ஐ.எல்.ஆரையும் திறந்து பார்த்திருந்தோம். அதைச் செய்யாமல் போயிருந்தால் அந்த வாசலில் நிற்க எனக்கு முகம் இருந்திருக்காது.

ஊருக்குச் சொல்லும்போதும் அதே வரிசைதான்: என்ன தவறு, அதை எப்படிக் கண்டுபிடித்தோம், எதை மாற்றிவிட்டோம். ஆளைப் பலி கொடுப்பது பதிலாகாது. செவிலியரைச் சிறைக்கு அனுப்பிய பிறகும் ஃபிரிட்ஜில் அந்தக் குப்பி இருந்தால் அடுத்த செவிலியரும் அதையே எடுப்பார்.

கமிட்டி முடிவு எங்களுக்குத் தெரியவே மாட்டேங்குதே, எங்க போய்க் கேக்குறது?

மாவட்டத் தடுப்பூசி அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். ஊசி அட்டையின் நகல், ஊசி போட்ட தேதி, இடம் குறிப்பிட்டு, விண்ணப்பத்தின் ஒரு பிரதியில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முழு விசாரணைப் படிவம் முடியவே வாரக்கணக்கில் ஆகும், காரண ஆய்வு அதற்குப் பிறகுதான், ஆகவே முதல் மாதத்திலேயே பதில் வராதது மறைப்பதாக ஆகாது. தேசியக் குழு முடித்த கேஸ்களின் வகைப்பாட்டைப் பெயர் இல்லாமல் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்டுவருகிறது. அதில் உங்கள் கேஸை மாநிலம், ஊசியின் பெயர், தேதி இவற்றைக்கொண்டு அடையாளம் காண வேண்டியிருக்கும். எழுத்தும் எண்ணும் புரியாவிட்டால் பி1 பற்றிய பதிலை மறுபடி படித்துவிட்டு, "எந்த மாற்றுக் காரணத்தை வைத்து இந்த முடிவுக்கு வந்தீர்கள்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் கோப்பில் இருக்க வேண்டும்.